கேக் வெட்டும் முன் அவளிடம் தேதி கேளுங்கள்

தோழி ஒருத்தி புற்றுநோய்ச் சிகிச்சையை முடித்தால் அன்றே பெரிதாகக் கொண்டாடிவிட வேண்டும் என்பது இன்று ஏறத்தாழ எல்லோரும் ஏற்றுக்கொண்ட வழக்கம். கடைசி கீமோ ஏறி முடிந்ததும் வார்டிலேயே கைதட்டல், சில மருத்துவமனைகளில் மணி அடித்தல். வீட்டுக்கு வந்ததும் கேக், பொன்னாடை, ‘போராடி வென்றவள்’ என்று எழுதிய அட்டை, எல்லோரும் சூழ்ந்து நிற்கும் ஒரு படம். அந்தப் படம் மாலைக்குள் உறவினர், அலுவலகம், பள்ளித் தோழிகள் என எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் போய்விடும். இந்த வழக்கம் தவறு என்று சொல்ல வந்திருக்கிறேன். அன்பு இல்லாததால் அல்ல, அந்த அன்பு தவறான நாளில் தவறான பொருளைக் கொண்டாடுவதால் இது தவறு. நோயை விட்டு வெளியே வர அவள் முயல்கிற நேரத்தில் நாம் அவளைத் திரும்பவும் நோயாளி நாற்காலியில் உட்காரவைத்து மாலை போடுகிறோம்.

எதிர்த் தரப்பின் நியாயத்தை முதலில் முழுமையாகச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் மூன்று காரணம் சொல்வார்கள். மாதக்கணக்கில் நீண்ட ஒரு துன்பத்துக்கு முற்றுப்புள்ளி வேண்டும், அது இல்லாவிட்டால் மனம் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும் என்பது முதல் காரணம். நீ தனியாக இல்லை என்பதை ஊர் கூடிச் சொல்ல வேண்டும் என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் கனமானது. நம் ஊரில் இந்த நோயின் பெயரைக்கூட உரக்கச் சொல்ல மாட்டார்கள், பெண்ணுக்கு வந்தால் மகள் கல்யாணம் தடைப்படும் என்று மறைப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் வெளிப்படையாகக் கொண்டாடுவது வெட்கத்தை உடைக்கும் என்கிறார்கள். மூன்றுமே உண்மையான தேவைகள். ஆனால் இந்த விழா அவற்றில் ஒன்றைக்கூட நிறைவேற்றுவதில்லை. ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. முடிந்தது எது?

மார்பகப் புற்றுநோயையே எடுத்துக்கொள்வோம், நம் நகரங்களில் பெண்களுக்கு அதிகம் வருவது அதுதான். என் தோழிக்கும் அதுதான் வந்தது. மதுரையில் ஒரு வங்கியில் காசாளர், வயது நாற்பத்தாறு. முதலில் அறுவை சிகிச்சை, அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். பிறகு கீமோ. எல்லோரும் ‘சிவப்பு மருந்து’ என்று சொல்கிற டாக்ஸோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும் சேர்ந்து 21 நாளுக்கு ஒருமுறை, நான்கு தடவை. அதன்பின் பாக்லிடாக்செல் வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு வாரம். இதற்கே ஏறத்தாழ ஆறு மாதம் ஆனது. சில வாரம் இடைவெளி விட்டு ‘கரண்ட் வைத்தார்கள்’, திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒன்றாகப் பதினைந்து அமர்வு. அதுவும் முடிந்தபின் டாமாக்சிஃபென் 20 மில்லிகிராம் மாத்திரை, தினமும் ஒன்று, ஐந்து வருடத்துக்கு. சிலருக்கு இதைப் பத்து வருடம்வரை நீட்டுவார்கள். கட்டியின் வகை வேறாக இருந்தால், அதாவது ஹெர்-2 பாசிட்டிவ் என்றால், கீமோ முடிந்த பின்னும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை டிராஸ்டுஸுமாப் ஊசிக்குப் போக வேண்டும், மொத்தம் ஒரு வருடம்.

இதில் எந்த நாள் முடிவு நாள்? கடைசி கீமோ அன்று விழா எடுத்தால் அவள் முன்னால் இன்னும் பதினைந்து நாள் கரண்ட் இருக்கிறது. கரண்ட் முடிந்த அன்று எடுத்தால் மறுநாள் காலை அவள் முதல் மாத்திரையைப் போடுகிறாள். அந்த மாத்திரை உடம்பெல்லாம் அனலாகக் கொதிக்கவைத்து, நடு இரவில் வியர்வையில் நனைத்து எழுப்பும். ‘எல்லாம் முடிஞ்சுருச்சு’ என்று ஊரே சொன்ன பிறகு இந்தத் தொல்லையை அவள் யாரிடம் சொல்வாள்? சொன்னால் ‘அதான் சரியாயிருச்சே’ என்ற பதில்தான் வரும். நாம் வைத்த முற்றுப்புள்ளி அவளுடைய வாக்கியத்தின் நடுவில் விழுகிறது, மிச்சத்தை அவள் பேச முடியாமல் போகிறது. முடிவு வேண்டும் என்ற முதல் காரணம் இங்கேயே உடைந்துவிடுகிறது.

இதை மருத்துவ உலகம் அறிந்து நாற்பது ஆண்டு ஆகிறது. ஃபிட்ஸ்ஹியூ முல்லன் என்ற அமெரிக்க மருத்துவர் தானே புற்றுநோய்க்கு ஆளானவர். 1985இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையில், நோயாளி, குணமானவர் என்று இரண்டே கட்டமாகப் பிரிப்பது பொருந்தாது என்று வாதிட்டார். சிகிச்சை நடக்கும் காலம், சிகிச்சை நின்றபின் உடல் தளர்ந்து அச்சத்தோடு காத்திருக்கும் காலம், நோய் திரும்பும் வாய்ப்பு நன்றாகக் குறைந்த நீண்ட காலம் என மூன்று பருவங்களாகப் பிரித்தார். நம் விழா முதல் பருவத்தின் கடைசி நாளில் நடக்கிறது. ஆனால் பேசுவதெல்லாம் மூன்றாம் பருவம் வந்துவிட்டதைப் போல. நடுவில் இருக்கிற காலத்தில்தான் நண்பர்கள் தேவை, அந்தக் காலம் தொடங்கும்போது நாம் கேக் டப்பாவைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பியிருப்போம்.

2. கடைசி நாளுக்கு அடுத்த இரண்டு வாரம்தான் உடம்புக்கு மோசமான காலம்.

விழா எடுப்பவர்கள் பெரும்பாலும் அறியாத கணக்கு இது. கீமோ மருந்து ஏறிய அன்று உடம்பு அடி வாங்குகிறது, ஆனால் விளைவு தாமதமாக வரும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் மருந்துகளில் வெள்ளை அணுக்கள் மிகக் கீழே இறங்குவது ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள். ‘கவுன்ட் குறைஞ்சிருக்கு’ என்பார்களே, அந்த நாட்கள். அடுத்த தவணைக்குள் மெல்ல ஏறிவிடும். இது கடைசித் தவணைக்கும் அப்படியே பொருந்தும், இது கடைசி என்று ரத்தத்துக்குத் தெரியாது. அந்த நாட்களில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தாலே அவசர நிலை. காலையில் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இப்போது விழாவின் தேதியைப் பாருங்கள். கடைசி கீமோ வியாழக்கிழமை என்றால் அந்த வார இறுதியில் எல்லோருக்கும் ஒத்துவராது, அதற்கடுத்த ஞாயிறு ஹால் கிடைக்கும். அது பத்தாம் நாள். அறுபது பேர் வருவார்கள், அதில் சளி பிடித்த குழந்தைகள் இருக்கும், எல்லோரும் கையைப் பிடிப்பார்கள், கட்டிக்கொள்வார்கள். அவளுக்குக் குளிர் எடுத்தாலும் தனக்காகக் கூடிய கூட்டத்தை விட்டு எழுந்துபோக மனம் வராது. கொண்டாட்டம் என்று நாம் வைத்தது அவளுக்கு ஆபத்தான நாளில் ஒரு கடமையாகிவிடுகிறது.

பாக்லிடாக்செலை வாராவாரம் ஏற்றியவர்களுக்குக் கவுன்ட் அவ்வளவு கீழே போகாது என்பது உண்மை. ஆனால் அதற்கு வேறொரு விலை உண்டு. அந்த மருந்து விரல் நுனி நரம்புகளைத் தாக்கும், தவணை கூடக் கூட மரப்பும் கூடும். ஆகவே கடைசித் தவணை முடியும்போதுதான் விரல்கள் மிக மோசமாக இருக்கும், தெளிய மாதக்கணக்கில் ஆகும். என் தோழிக்குச் சட்டைப் பொத்தான் போடுவதே போராட்டமாக இருந்த நேரம் அது. அந்தக் கையில் கத்தியைக் கொடுத்து எல்லோர் முன்னாலும் கேக் வெட்டச் சொல்வதா?

கரண்ட் முடிந்த நாளும் இப்படித்தான். தோல் கருத்து, சிவந்து, அக்குளிலும் மார்பின் கீழ் மடிப்பிலும் உரியத் தொடங்குவது சிகிச்சையின் கடைசி வாரங்களில். பெரும்பாலானவர்களுக்கு அது உச்சத்துக்குப் போவது கடைசி அமர்வு முடிந்து ஒரு வாரம், பத்து நாள் கழித்து. பட்டு ரவிக்கையின் கை ஓரம் உரசினாலே எரியும், பாசத்தோடு இறுக்கி அணைத்தால் கண்ணில் நீர் வரும். அந்த நீரை நாம் ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொள்வோம்.

3. மணி அடிப்பது மனதுக்கு நல்லது என்று யார் சொன்னது?

இந்த வழக்கம் தொடங்கிய கதை நன்றாகவே பதிவாகியிருக்கிறது. அமெரிக்கக் கடற்படையில் ரியர் அட்மிரலாக இருந்த இர்வ் லெ மோய்ன், 1996இல் ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றார். ஒரு வேலை முடிந்தால் மணி அடிப்பது கடற்படை மரபு. அவர் ஒரு பித்தளை மணியைக் கொண்டுவந்து தன் கடைசி அமர்வு முடிந்ததும் அடித்தார், பிறகு அதை அங்கேயே விட்டுச் சென்றார். ஒரு மனிதர் தன் வாழ்க்கையிலிருந்து, தனக்குப் பொருளுள்ள ஒன்றை, தானே தேர்ந்தெடுத்துச் செய்தது அது. அதுவரை அழகு. அதை உலகெங்கும் வார்டுகளில் மாட்டி, முடித்தவர் எல்லோரும் அடித்தே ஆக வேண்டும் என்று ஆக்கியபோது அதிலிருந்த நல்லது போய்விட்டது.

2019இல் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவர்கள் இதைச் சோதித்தார்கள். கதிர்வீச்சு முடித்த இருநூற்றுச் சொச்சம் பேரிடம் சிகிச்சைக் காலத்தின் வேதனை எப்படி இருந்தது என்று கேட்டார்கள். பாதிப் பேர் மணி வைப்பதற்கு முன் முடித்தவர்கள், மீதிப் பேர் மணி அடித்தவர்கள். அடித்தவர்கள் அந்தக் காலத்தை இன்னும் துன்பமானதாக நினைவுகூர்ந்தார்கள், நாள் போகப் போக அந்த நினைவு தணியாமல் கூடவும் செய்தது. மணியால் வேதனை குறையும் என்று எதிர்பார்த்துத் தொடங்கிய ஆய்வு அது. உணர்ச்சி கொந்தளிக்கும் கணத்தில் மனம் எதைப் பற்றியிருக்கிறதோ அது ஆழமாகப் பதிந்துவிடும் என்பது அவர்கள் தரும் விளக்கம். சிகிச்சை முடிந்த களைப்பும் வலியும் உச்சத்தில் இருக்கும்போது அந்தக் கணத்தின் மேல் வெளிச்சம் பாய்ச்சினால் வலியும் சேர்ந்து பதிகிறது. ஒரே மையத்தில் நடந்த சிறிய ஆய்வு என்பதால் இதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது. ஆனால் மணியும் கைதட்டலும் தீங்கில்லாதவை, செய்தால் நல்லதுதானே என்ற பேச்சுக்கு இனி இடமில்லை.

அந்த அறையில் இன்னொருவரும் இருக்கிறார். பக்கத்து நாற்காலியில் மருந்து ஏறிக்கொண்டிருப்பவருக்கு நோய் எலும்புக்கோ கல்லீரலுக்கோ பரவியிருக்கலாம். அவருக்குச் சிகிச்சை முடிவதே இல்லை, பலன் தரும்வரை ஒன்று, அது நின்றால் அடுத்தது என்று போகும். அவர் ஒவ்வொரு வாரமும் பிறர் மணி அடிப்பதைக் கேட்டபடி இருக்க வேண்டும். கொண்டாட்டம் மற்ற நோயாளிகளுக்கு நம்பிக்கை தரும் என்று சொல்பவர்கள் அவரைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

4. வென்றாள் என்ற தீர்ப்பை வழங்க நாம் யார்?

பாராட்டுக் கூட்டங்களில் பேசுகிறவர்கள் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள். அவளுடைய மனவலிமைதான் நோயைத் தோற்கடித்தது என்பார்கள். இதன் மறுபக்கத்தை யோசித்தீர்களா? மனவலிமையால் ஒருத்தி பிழைத்தாள் என்றால், பிழைக்காதவளுக்கு மனவலிமை போதவில்லை என்று ஆகிறது. போன வருடம் அதே தெருவில் இறந்தவளின் கணவர் அந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கக்கூடும். சூசன் சொண்டாக் 1978இல் நோயைப் பற்றிய தன் நூலில் இந்தப் போர்ப் பேச்சைக் கடுமையாக எதிர்த்தார், அவரும் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்தான். கட்டியின் வகை, எத்தனை முடிச்சுகளுக்குப் பரவியது, எப்போது கண்டுபிடித்தார்கள், மருந்துக்கு அது எப்படிப் பணிந்தது என்பவைதான் பெரும்பாலும் விளைவைத் தீர்மானிக்கின்றன. குணத்துக்குப் பரிசாக உயிர் வருவதில்லை.

வாழ்கிறவளுக்கும் இந்தப் பட்டம் சுமைதான். முதல் மூன்று வருடம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர் பரிசோதிப்பார், வருடம் ஒருமுறை மம்மோகிராம். ஒவ்வொரு முறையும் அந்த வாரத்தில் தூக்கம் போகும். இடுப்பில் வலி வந்தால் ‘எலும்புக்குப் போயிருச்சோ’ என்று நெஞ்சு பதறும். ஹார்மோன் சார்ந்த வகையில் ஐந்து வருடம் தாண்டிய பின்னும் நோய் திரும்பும் வாய்ப்பு முற்றாக நீங்குவதில்லை. இதையெல்லாம் அவள் அறிவாள். வீராங்கனை என்று மேடையேற்றப்பட்டவள் பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வாள்? ஒருவேளை நோய் திரும்பினால், வென்றதாக அறிவித்த அத்தனை பேர் முன்னாலும் அவள் தோற்றவளாக நிற்க வேண்டும். அவளுடைய எதிர்காலத்தைப் பிணையாக வைத்து நாம் கைதட்டியிருக்கிறோம்.

5. ‘நீ சும்மா உக்காருடி, நாங்க பாத்துக்கிறோம்.’

எனக்கு மிகக் கோபம் வருவது இதில்தான், ஏனென்றால் இதைத் தவறு என்று யாருமே நினைப்பதில்லை. அவளுக்காக வைத்த விருந்தில் அவளை மட்டும் மின்விசிறிக்கு நேர் கீழே உட்காரவைக்கிறார்கள். தட்டை எடுக்க எழுந்தால் நாலு பேர் ஓடிவருகிறார்கள். தண்ணீர்க் குடத்தைத் தொட்டால் ‘அந்தக் கையால தூக்காத’ என்று அலறல். ஊறுகாயை எடுத்தால் இன்னொருத்தி தட்டிவிடுகிறாள். நடுவில் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து ‘உடம்பு எப்படி இருக்கு? எதுவும் பண்ணுதா?’ என்ற கேள்வி. சிகிச்சை முடிந்த விருந்தில் அவள் ஒருத்திதான் நோயாளி, மற்றவர் எல்லோரும் பார்வையாளர் நேரத்தில் வந்தவர்கள்.

அந்தக் கையைப் பற்றிய பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. அக்குளில் முடிச்சுகளை எடுத்துவிட்டால் நிணநீர் வடியும் பாதை குறைகிறது, சிலருக்குக் கை வீங்கும். மோதிரம் இறுகும், வளையல் ஏறாது, கை பாரமாகத் தோன்றும். அதனால் எந்தக் கனத்தையும் தூக்கவே கூடாது என்று மருத்துவர்களே பல காலம் சொல்லிவந்தார்கள். 2009இல் கேத்ரின் ஷ்மிட்ஸ் தலைமையில் பென்சில்வேனியாவில் நடந்த ஆய்வு இதை நேராகச் சோதித்தது. ஏற்கனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களில் பாதிப் பேர் வாரம் இருமுறை, மிகச் சிறிய எடையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி எடை தூக்கினார்கள். அவர்களுக்கு வீக்கம் அதிகமாகவில்லை. வீக்கம் திடீரென்று மோசமாகும் சம்பவங்கள் தூக்காதவர்களைவிட இவர்களுக்குக் குறைவு, கையும் பலப்பட்டது. இதற்குப் பயிற்றுநர் மேற்பார்வையும், கைக்கு இறுக்கமான உறையும், நிதானமும் வேண்டும். முதல் நாளே அரிசி மூட்டையைத் தூக்கலாம் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் ‘தூக்காதே’ என்று வருடக்கணக்கில் சொல்லி அந்தக் கையைச் சும்மா வைத்திருப்பது பாதுகாப்பு என்று இனிச் சொல்ல முடியாது. பயன்படுத்தாத கை மெலிந்துபோகும், பிறகு ஒருநாள் பேருந்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போது அது தாங்காது.

களைப்பும் இதே கதைதான். கீமோ, கரண்டுக்குப் பின் வரும் களைப்பு தூங்கி எழுந்தால் போகிற சாதாரண அசதி அல்ல. ஓய்வு, ஓய்வு என்று படுக்கவைத்தால் அது நீடிக்கும். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி கூட்டிய நிபுணர் குழு 2019இல் வெளியிட்ட பரிந்துரை, வாரத்தில் மூன்று நாள் அரை மணி நேரம் மிதமான வேகத்தில் நடந்தால் இந்தக் களைப்பு குறையும் என்கிறது. ஆகவே அவளைச் சோபாவில் அமர்த்தி ஹார்லிக்ஸ் கலந்து கொடுப்பவரைவிட, ‘சாயங்காலம் தெப்பக்குளத்தை ஒரு சுற்று சுத்திட்டு வருவோமா?’ என்று செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பவரே அவளுக்கு உதவுகிறார். அதில் மரியாதையும் இருக்கிறது. உன்னால் முடியும் என்று நம்பித்தான் அந்தக் கேள்வியையே கேட்கிறார்.

அப்படியானால் ஒன்றும் செய்யாமல் இருக்கச் சொல்கிறீர்களா?

இல்லை. பேசாமல் விட்டுவிடுவது இதைவிடக் கொடியது. என்ன சொல்வது என்று தெரியாமல் ஒதுங்கிப்போகிற நண்பர்களை நோயாளிகள் நெடுநாள் மறப்பதில்லை. கொண்டாட வேண்டும், ஆனால் நாளையும் அளவையும் காரணத்தையும் அவள் முடிவு செய்ய வேண்டும். எங்களிடையே அது எப்படி நடந்தது என்று சொல்கிறேன், மாதிரியாக அல்ல, முடியும் என்பதற்குச் சான்றாக.

கரண்ட் முடியும் வாரத்தில் வங்கியில் பாராட்டுக் கூட்டம் வைக்கப் பேச்சு எழுந்தது. அவளிடம் கேட்டேன்: “ஆபீஸ்ல ஏதோ செய்யணும்கிறாங்க. உனக்கு வேணுமா? வேண்டாம்னா நான் சொல்லிக்கிறேன். வேணும்னா எப்ப, யார் யாருன்னு நீ சொல்லு.” இப்படிக் கேட்பதில் முக்கியமானது நடு வாக்கியம். வேண்டாம் என்று சொல்லும் பாரத்தை அவள் தோளிலிருந்து எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நன்றிக்கடனுக்காகவே சரி என்பாள். அவள் வேண்டாம் என்றாள். “முடிஞ்சுச்சுன்னு எனக்கு இன்னும் தோணல. தோணுறப்ப சொல்றேன், அப்ப வாங்கடி” என்றாள்.

சில மாதம் ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது நடைதான், வாரத்தில் சில மாலைகள். நடக்கும்போது உடம்பைப் பற்றி அவளாகப் பேசினால் கேட்டோம், நாங்களாகக் கேட்கவில்லை. அவளோடு முன்பு போல வாதாடினோம், அவள் சொன்னது தவறாகத் தோன்றினால் தவறு என்றோம். கூட்டத்தின் இரைச்சலில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் அவளுக்கு நூல் விட்டுப்போகும், கீமோவுக்குப் பிறகு பலருக்கும் மனதைக் குவிப்பது சிறிது காலம் சிரமமாக இருக்கும். அதனால் மூன்று நான்கு பேருக்கு மேல் சேராமல் பார்த்துக்கொண்டோம். ஏன் என்று அவளிடம் விளக்கவில்லை, விளக்கினால் அதுவும் ஒரு மருத்துவ ஏற்பாடாகிவிடும்.

பிறகு ஒருநாள் அவளே கூப்பிட்டாள். வேலைக்குத் திரும்பியதிலிருந்து நோட்டுக் கட்டைக் கையால் எண்ண முடியாமல் இயந்திரத்தையே நம்பியிருந்தாள். ஒரு நூறு நோட்டுக் கட்டைத் தடுமாறாமல் விரலாலேயே எண்ணி முடித்த அன்று சாயங்காலம், ‘சனிக்கிழமை வாங்க, சமைக்கிறேன்’ என்று செய்தி வந்தது. எந்த மருத்துவமனைச் சீட்டிலும் இல்லாத நாள் அது. எங்களில் யாரும் இந்த நாளை யூகித்திருக்க முடியாது, அதனால்தான் நாளைக் குறிக்கும் உரிமை நம்மிடம் இருக்கக் கூடாது என்கிறேன். அவள் சமைத்தாள், குழம்புச் சட்டியை அவளே இறக்கினாள், யாரும் பதறவில்லை. வாயில் தகரம் கடித்த ருசி போய்விட்டதால் புளியும் காரமும் தாராளம். பரிசு கொண்டுபோனோம். போர்வை, மூலிகைத் தேநீர், தன்னம்பிக்கைப் புத்தகம் என்று நோயாளிக்கு வாங்குகிற எதையும் தொடவில்லை. அவள் முன்பு எங்கள் எல்லோரையும் தோற்கடித்துவந்த கேரம் பலகைக்குப் புதிய காய்கள் வாங்கினோம். மரத்த விரல் நுனிக்கு ஸ்டிரைக்கரைச் சுண்டுவது நல்ல பயிற்சி என்பதும் தெரியும், ஆனால் அதை நாங்கள் சொல்லவில்லை. விட்டுக்கொடுத்தும் ஆடவில்லை. படம் எடுத்தாள், எடுத்ததை அவளே வைத்துக்கொண்டாள்.

பெரிய விழாவே வேண்டும் என்று விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். நேர்த்திக்கடனுக்கு ஊரைக் கூட்டிப் பொங்கல் வைக்க ஆசைப்படுகிறவருக்கு அதைச் செய்து கொடுப்பதுதான் நட்பு. கேட்டது அவர் என்றால் என் மறுப்பு அங்கே பொருந்தாது. அப்போதும் கவுன்ட் ஏறிய பிறகு, தோல் ஆறிய பிறகு என்று தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள், அதற்கு அவருடைய மருத்துவரிடம் ஒரு கேள்வி போதும்.

கடைசியாக அந்த மூன்றாவது காரணம், வெட்கத்தை உடைப்பது. பொன்னாடை போர்த்திய மேலாளர்களே மறுவாரம் அவளை எளிய வேலை என்று சொல்லி உள்ளறைக்கு மாற்றியதைப் பல அலுவலகங்களில் பார்த்துவிட்டேன். வாடிக்கையாளர் கண்ணில் படாத மேசை, பதவி உயர்வுப் பட்டியலில் பேச்சில்லை, ‘பாவம், அவங்களை ஏன் சிரமப்படுத்தணும்’ என்ற விளக்கம் மட்டும் தயாராக இருக்கும். வெட்கத்தை உடைக்க நினைக்கும் அலுவலகம் செய்ய வேண்டியது வேறு. முதல் மாதம் அரை நாள் வேலைக்கு ஒப்புக்கொள்ளட்டும். விரல் தெளியும்வரை எண்ணும் இயந்திரத்தை அவளுடைய கவுன்டருக்கே கொடுக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு விடுப்புக் கேட்டால் காரணம் விசாரிக்காமல் கையெழுத்துப் போடட்டும். தலையில் முடி ஒரு விரற்கடைகூட வளராத அந்த மாதங்களில் அவள் அதே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், ஊர் பார்க்கும் இடத்தில், எப்போதும் போலப் பணம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க விரும்பினால், அந்தக் கவுன்டரை அவளுக்காகக் காலியாக வைத்திருக்கட்டும்.